தலைவருக்குப் பெயரடை சூட்டும் நோய்

சிகந்தராபாத்துக்கு வடக்கே, அல்வாலை ஒட்டிய லோத்குண்டாவில் ஞாயிறுதோறும் கூடும் ஓர் ஆய்வு மாணவர் வட்டத்தில் அண்மையில் ஒரு வினாத்தாள் சுற்றுக்கு வந்தது. மேலாண்மைப் பாடத் தேர்வுக்கான பயிற்சித்தாள் அது. அதில் ஒரு வினா: வழி–இலக்குக் கோட்பாட்டின்படி அப்துல் கலாம் எவ்வகைத் தலைவர்? நெறிப்படுத்துபவர், ஆதரவளிப்பவர், பங்கேற்கச் செய்பவர், சாதனை நோக்கினர் என நான்கு விடைகள். மூன்றாவதே சரி என்றது விடைக்குறிப்பு. அவையில் இருந்தோருள் சிலர் நான்காவதே சரி என்று வாதிட்டனர். இரண்டாவதற்கும் ஓரிருவர் இருந்தனர். வாதம் ஒரு மணி நேரம் நீடித்தது. வினாவே தவறானது என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

வினாதான் தவறு. அந்தத் தவறு ஒரு பயிற்சித்தாளோடு நிற்பதன்று. இந்நாட்டு வகுப்பறைகளில் இக்கோட்பாடு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதன் சுருக்கமே அவ்வினா. ராபர்ட் ஹவுஸ் 1971இல் இக்கோட்பாட்டை முன்வைத்தபோதும், 1974இல் டெரன்ஸ் மிட்செலுடன் சேர்ந்து நான்கு வகைகளை வரையறுத்தபோதும், அவை மனிதர்களின் வகைகளாக அமையவில்லை. செயல்களின் வகைகளாகவே அமைந்தன. ஒரே தலைவர் ஒரே வாரத்தில் நான்கையும் செய்யக்கூடும், செய்யவும் வேண்டும் என்பதே கோட்பாட்டின் அடிப்படை. இலக்கண மொழியில் சொன்னால், ஹவுஸ் வினைச்சொற்களில் பேசினார். பாடநூல்கள் அவற்றைப் பெயரடைகளாக்கித் தலைவரின் நெற்றியில் ஒட்டின. ‘பங்கேற்கச் செய்தார்’ என்பது ‘எப்போது, யாரை, எதற்காக’ என்ற கேள்விகளை உடனே எழுப்பும். ‘பங்கேற்புத் தலைவர்’ என்பதோ எந்தக் கேள்வியையும் எழுப்பாது. புகழ்ச்சியாக மட்டும் நின்றுவிடும்.

இக்கோட்பாடு எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் கொண்டால் இப்பிழை நேர்ந்திராது. பணியை வரையறுத்து ஒழுங்குபடுத்தும் மேலாளரைச் சில இடங்களில் ஊழியர் விரும்பினர். வேறு சில இடங்களில் வெறுத்தனர். அக்கால ஆய்வுகள் இவ்வாறு ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்துகொண்டிருந்தன. முரணுக்கான காரணத்தைத் தலைவரிடம் தேடாமல், ஊழியர் நிற்கும் இடத்தில் தேடியதே ஹவுஸின் பங்களிப்பு. ஊழியரின் மனத்தில் மூன்று கண்ணிகள் உள்ளன. முயன்றால் வேலை முடியும் என்ற நம்பிக்கை முதலாவது. வேலை முடிந்தால் பயன் கிட்டும் என்ற நம்பிக்கை இரண்டாவது. அப்பயன் விரும்பத்தக்கது என்ற மதிப்பீடு மூன்றாவது. இவற்றுள் எது அறுந்திருக்கிறதோ அதைப் பிணைப்பதே தலைவரின் வேலை. பணிச்சூழலே ஏற்கெனவே தந்துவிட்டதைத் தலைவர் மீண்டும் தந்தால் அது மிகை. சில வேளைகளில் தொல்லை.

ஆகவே தெரிவு என்பது தலைவரின் இயல்பைப் பற்றிய கேள்வியன்று. குறையைக் கண்டறியும் வேலை. வழி தெளிவற்று இருக்கும்போது நெறிப்படுத்துதல் உதவும். தெளிவாக இருக்கும்போது அதுவே எரிச்சலூட்டும். பணி மன அழுத்தம் தருவதாகவோ சலிப்பூட்டுவதாகவோ இருக்கும்போது ஆதரவு உதவும். பணி புதியதாகவும், அதைச் செய்பவர் தம்மை அதனோடு பிணைத்துக்கொண்டவராகவும் இருக்கும்போது, அவரைக் கலந்தாலோசிப்பது வழியைத் தெளிவாக்கும். பணி தெளிவற்றதாகவும் திரும்பத் திரும்ப வராததாகவும் இருக்கும்போது, உயர்ந்த இலக்கை வைத்து, அதை எட்டுவார் என்ற நம்பிக்கையையும் காட்டுவது முயற்சியைக் கூட்டும்.

இனி அந்த வினாத்தாள் தொட்ட நிகழ்வையே எடுத்துக்கொள்ளலாம். அது நடந்ததும் இதே ஐதராபாத்தில்தான். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தின் இயக்குநராகக் கலாம் பொறுப்பேற்றது 1982 ஜூன் மாதத்தில். அப்போது அவ்வாய்வகம் எந்நிலையில் இருந்தது என்பதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே விவரிக்கிறார். ‘டெவில்’ என்ற ஏவுகணைத் திட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அங்கிருந்தனர். அத்திட்டம் கைவிடப்பட்டிருந்தது. உழைத்தவர்கள் சோர்ந்திருந்தனர்.

இந்நிலையைப் பாடநூல்வழிக் கண்கொண்டு பார்ப்பவர் ‘சோர்வு, எனவே ஆதரவளிக்கும் நடத்தை’ என்று உடனே எழுதிவிடுவார். கோட்பாட்டைப் படித்தவர் முதலில் எக்கண்ணி அறுந்தது என்று கேட்பார். அவ்விஞ்ஞானிகளுக்குத் திறமைக் குறைவு இல்லை. டெவில் திட்டம் ஏவுகணையாக முடியவில்லை எனினும், உந்துபொறி, வழிநடத்தல் போன்ற துறைகளில் அவர்களுக்குப் பயிற்சியைத் தந்திருந்தது. முயன்றால் செய்ய முடியும் என்ற முதற்கண்ணி பெரும்பாலும் அறாமலே இருந்தது எனலாம். நாட்டுக்கு ஏவுகணை தேவை என்ற மதிப்பீட்டிலும் ஐயமில்லை. அறுந்தது நடுக்கண்ணி. செய்து முடித்தாலும் அது திட்டமாக உயிர்வாழும் என்பதற்கு உறுதி இல்லை. ஒருமுறை கைவிடப்பட்டது மறுமுறையும் கைவிடப்படலாம் என்று அவர்கள் எண்ணியிருந்தால், அது மனச்சோர்வு அன்று. பட்டறிவிலிருந்து எடுத்த நியாயமான கணிப்பு.

நடுக்கண்ணி அறுந்திருக்கும்போது தோளில் தட்டிக்கொடுப்பதால் என்ன பயன்? அன்பான சொற்கள் அக்கணிப்பை மாற்றா. கண்டிப்பான ஆணைகளும் மாற்றா. எப்படிச் செய்வது என்பது அவர்களுக்குத் தெரியும். மாற்ற வேண்டியது ஆய்வகத்துக்கு வெளியே, தில்லியில் இருந்தது. கலாம் செய்தவற்றின் வரிசை இங்கே கவனத்துக்குரியது. முதலில் ஏவுகணைத் தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்து, மூத்தோரோடு இடைநிலை விஞ்ஞானிகளையும் அதில் அமர்த்தினார். எத்தகைய ஏவுகணைகளைச் செய்யலாம் என்பது அங்கே விவாதிக்கப்பட்டது. அவ்வழியே திரண்ட திட்டம் பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் முன் வைக்கப்பட்டது. படிப்படியாகச் செய்யலாம் என்ற யோசனைக்கு மாறாக, எல்லாவற்றையும் ஒரே வேளையில் தொடங்குமாறு அமைச்சர் சொன்னார். 1983இல் 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம் ஒப்புதல் பெற்றது. பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என ஐந்து.

வினாத்தாளின் நான்கு விடைகளுள் எது இவ்வரிசையை உள்ளடக்கும்? குழு அமைத்தது பங்கேற்கச் செய்தல்தான். ஆனால் அதை ‘எல்லோரையும் மதிக்கும் பண்பு’ என்று விளக்குவது கோட்பாட்டைக் கைவிடுவதாகும். தெளிவற்றிருந்தது செய்முறை அன்று, இலக்கு. இலக்கு தெளிவற்றிருக்கும்போது அதை எட்டும் வழிகளை நன்கறிந்தவர்கள் கீழ்நிலையில் இருந்தால், அவர்களைக் கேட்பதே தெளிவைப் பெறும் குறுக்குவழி. அதே ஆய்வகத்தில், இலக்கு முடிவான பின்னர் ஒவ்வொரு சிறு முடிவுக்கும் குழு கூட்டியிருந்தால் அது பங்கேற்பாக இராது, காலவிரயமாகவே இருந்திருக்கும். ஐந்து திட்டங்களுக்கும் ஐந்து இயக்குநர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டனர். பிருத்விக்கு வி.ஜே. சுந்தரம், அக்னிக்கு ஆர்.என். அகர்வால் என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர். யார் முடிவெடுப்பார் என்ற தெளிவு அங்கே நெறிப்படுத்தும் செயலாயிற்று. ஐந்தையும் ஒரே வேளையில் என்ற இலக்கு சாதனை நோக்கிய செயல். அதுவும் தலைவரின் மனத்திலிருந்து மட்டும் வந்ததன்று, அமைச்சர் வைத்த சவாலிலிருந்து வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய செயலோ நான்கிலும் இல்லை. தில்லிக்குச் சென்று ஒப்புதலும் பணமும் பெற்று, அறுந்த நடுக்கண்ணியைப் பிணைத்ததே அது. இவ்விடைவெளியை ஹவுஸே உணர்ந்திருந்தார். 1996இல் தம் கோட்பாட்டைத் திருத்தி எழுதியபோது நான்கை எட்டாக விரித்தார். குழுவுக்காக வெளியே பேசுவதும் வளங்களைப் பெறத் தொடர்புகளை உருவாக்குவதும் அவ்வெட்டில் ஒன்று. திருத்தம் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் தேர்வுத்தாள்கள் 1974இலேயே நிற்கின்றன. மாணவர் மனப்பாடம் செய்யும் நான்கு பெட்டிகளுக்குள், ஐதராபாத்தில் நடந்த மிக முக்கியமான தலைமைச் செயலுக்கு இடமே இல்லை.

ஆதரவளித்தல் பற்றிய தவறான புரிதலும் இதே வேரிலிருந்து வளர்வதே. இங்கும் கலாமின் வாழ்விலிருந்தே சான்று கிடைக்கிறது. இம்முறை அவர் தலைவர் அல்லர், கீழ்நிலையில் இருப்பவர். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.–3 வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதுபட்டதே காரணம். திட்ட இயக்குநர் கலாம். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். செய்தியாளரைத் தவானே எதிர்கொண்டு, தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார் என்றும், 1980 ஜூலை 18 அன்று ஏவுதல் வென்றபோது செய்தியாளர் முன் கலாமை அனுப்பினார் என்றும் கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார்.

இந்நிகழ்வு மேலாண்மை வகுப்புகளில் கண்ணீர் வரவழைக்கும் கதையாகச் சொல்லப்படுகிறது. தவானின் பெருந்தன்மைக்குச் சான்றாக அது நின்றுவிடுகிறது. பெருந்தன்மை உண்மையே. ஆனால் கோட்பாடு கேட்பது வேறு: அன்று அக்குழுவின் வழியில் எது தடையாக நின்றது? பழுதைக் கண்டறிந்து அடுத்த ஏவுதலுக்கு ஆயத்தமாக வேண்டியவர்கள் அவர்கள். நாளிதழ்களுக்கு விளக்கம் சொல்வதில் செலவாகும் ஒவ்வொரு நாளும் அவ்வேலையிலிருந்து கழியும். தோற்றால் தனியே நிற்க நேரும் என்ற அச்சம் வந்துவிட்டால், பழுதை ஒளிக்கும் பழக்கமும் உடன் வரும். தவான் அத்தடையைத் தம் உடலால் மறைத்தார். ஆதரவு என்பது இனிய சொல் அன்று. ஊழியருக்கும் அழுத்தத்துக்கும் இடையே நிற்பது. இனிமையாகப் பேசிவிட்டு, தோல்வி நாளன்று இளையோரை முன்னே தள்ளுபவர் எந்தப் படிவத்தில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் இச்செயலைச் செய்தவராக மாட்டார்.

நெறிப்படுத்துதலுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. நம் வகுப்பறைகளில் அது அதட்டலின் கண்ணியமான பெயர். எதிர்பார்ப்பதைச் சொல்லுதல், கால அட்டவணை வகுத்தல், விதிகளைத் தெளிவாக்குதல் என்பவையே ஹவுஸ் சொன்னவை; தண்டிப்பதும் மிரட்டுவதும் அவற்றில் இல்லை. இக்குழப்பம் ஆய்விலும் நுழைந்தது. தொடக்கக் காலச் சோதனைகள் சில கோட்பாட்டுக்கு எதிரான முடிவுகளைத் தந்தபோது, ஷ்ரீஷைமும் வான் கிளினோவும் 1977இல் அளவுகோல்களையே ஆராய்ந்தனர். பயன்படுத்தப்பட்ட சில படிவங்களில் அதிகாரத்தன்மையையும் தண்டனையையும் அளக்கும் கூற்றுகள் கலந்திருந்தன. வழிகாட்டுதலையும் அடக்குதலையும் ஒரே எண்ணால் அளந்தால், அந்த எண் எதைக் காட்டும்? சொற்பொருளில் நேர்ந்த பிழை புள்ளிவிவரத்தில் பிழையாக வெளிப்பட்டது. இன்றும் அத்தகைய படிவங்களைத் தமிழிலோ தெலுங்கிலோ பெயர்த்து, ‘ஆணையிடுபவர்’ என்ற ஒரு சொல்லால் அனைத்தையும் மூடி, நம் ஊழியர் ஆணையையே விரும்புகின்றனர் என்று முடிவு கட்டும் ஆய்வேடுகள் இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

மறுதரப்பின் வாதம் ஒன்றை இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தலைவரின் இயல்புக்கு இடமே இல்லையா? எல்லா மனிதரும் நான்கையும், எட்டையும் ஒரே திறத்துடன் செய்துவிட முடியுமா? முடியாது. ஒருவருக்குச் செவிமடுப்பது எளிது. மற்றொருவருக்குக் காலக்கெடு வகுப்பது எளிது. தலைவர் தம்மை மாற்றிக்கொள்ள வல்லவர் என்று இக்கோட்பாடு கொள்ளும் நம்பிக்கை அதன் மிகப் பலவீனமான இடம். ஆனால் இதனால் பெறப்படுவது ‘என் இயல்பு இதுதான்’ என்ற சமாதானம் அன்று. எது தமக்கு வராதோ அதைச் செய்ய வல்லவரைப் பக்கத்தில் அமர்த்த வேண்டும் என்பதே.

இன்னொரு வரம்பும் உண்டு. உயர்ந்த இலக்கு தானே வழியைத் திறந்துவிடாது. 1983இன் ஐந்து திட்டங்களின் முடிவுகளும் ஒன்றுபோல் அமையவில்லை. பிருத்வி 1988 பிப்ரவரியில் முதன்முறை பறந்தது. அக்னி 1989 ஏப்ரலிலும் மே முதல் நாளிலும் ஏவுதளத்தில் நிறுத்தப்பட்டு, மே 22இல் பறந்தது. திரிசூலோ கடைசியில் தொழில்நுட்பச் செயல்விளக்கமாகவே முடிந்தது. நாக் பல பத்தாண்டுகள் காத்திருந்தது. ஆய்வகம் ஒன்றே, தலைவர் ஒருவரே, இலக்கின் உயரமும் ஒன்றே. வேறுபட்டவை வழியில் நின்ற தடைகள்: கிடைக்காத உதிரிகள், கைக்கு எட்டாத உணரிகள், 1987க்குப் பின் பல நாடுகள் சேர்ந்து இறுக்கிய ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள். ‘சாதனை நோக்கிய தலைமை வென்றது’ என்று அக்னியைக் காட்டுபவர், அதே தலைமையின் கீழ்த் திரிசூலுக்கு நேர்ந்ததையும் விளக்கக் கடமைப்பட்டவர்.

இதே காரணத்தால், கலாமின் நூல் இக்கோட்பாட்டை நிறுவுகிறது என்பதும் தவறு. கோட்பாடு அளக்கச் சொல்வது ஊழியரின் எதிர்பார்ப்பை. நூலில் பேசுவதோ தலைவரின் நினைவு. டெவில் திட்டத்தில் உழைத்த இளம் பொறியாளர் ஒருவர் 1982இல் என்ன கணித்தார் என்பதை அவரிடமே கேட்டால்தான் அறிய முடியும். அறுந்தது நடுக்கண்ணி என்று மேலே சொன்னதும் நிகழ்வுகளிலிருந்து செய்த ஊகமே. எனினும் அது சோதிக்கத்தக்க ஊகம். ‘அவர் பங்கேற்புத் தலைவர்’ என்பதைச் சோதிக்க வழியே இல்லை.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு தேர்வுத்தாளில் இல்லை. நெறியாளரின் அறையில் இருக்கிறது. ‘நான் மாணவருக்கு முழுச் சுதந்திரம் தருபவன்’ என்று பெருமை கொள்ளும் பேராசிரியர்கள் பலர். ஆய்வுத் தலைப்பே முடிவாகாத முதலாண்டு மாணவி ஒருவருக்கு அச்சுதந்திரம் வெறும் இருட்டு. எத்தனை நூல்களைப் படிப்பது, முதல் இயலின் வரைவு எந்த மாதத்தில் வேண்டும், எது போதும் எது போதாது என்று யாரேனும் சொல்ல வேண்டும். அவருக்கு அன்று வேண்டியது நெறிப்படுத்துதல். அதே மாணவி நான்காம் ஆண்டில் தம் தரவைத் தம் நெறியாளரைவிட நன்கறிவார். அப்போது பத்தி பத்தியாகத் திருத்தச் சொல்வது மிகை. அப்போது கேட்க வேண்டியது ‘உங்கள் முடிவு என்ன’ என்பதே. உதவித்தொகை ஆறு மாதமாக வராமல் இருக்கும்போது அவருக்கு ஊக்கமொழி வேண்டாம். பல்கலைக்கழக அலுவலகத்துக்குச் சென்று கோப்பை நகர்த்தும் ஒருவர் வேண்டும்.

தெரிவு தவறிவிட்டது என்பதற்கு அடையாளங்களும் உண்டு. தமக்கு நன்கு தெரிந்தவற்றுக்கும் மாணவர் அனுமதி கேட்கத் தொடங்கினால் நெறிப்படுத்தல் மிகையாகிவிட்டது. ஆறுதல் பெற்றுச் சென்றவர் அதே சிக்கலுடன் அடுத்த மாதமும் வந்தால், தேவைப்பட்டது ஆறுதல் அன்று. கூட்டங்கள் பெருகியும் முடிவுக்கு உரியவர் யாரென்று தெரியாவிட்டால் பங்கேற்பு பொறுப்பைக் கரைத்துவிட்டது. காலக்கெடு ஒவ்வொன்றாகத் தவறும்போதும் இலக்கு மட்டும் உயர்ந்துகொண்டே போனால், அது சாதனை நோக்கு அன்று. தடையைப் பார்க்க மறுப்பது.

ஆகவே லோத்குண்டா வட்டத்தின் அடுத்த ஞாயிற்றுக்கு அவ்வினாவைத் திருத்தி வைப்பது நல்லது. ‘கலாம் எவ்வகைத் தலைவர்’ என்பது வேண்டாம். ‘1982 ஜூனில் அவ்வாய்வகத்தில் எக்கண்ணி அறுந்திருந்தது, அதை எச்செயல் பிணைத்தது, அதை எவரிடம் கேட்டு உறுதிசெய்வீர்’ என்று கேட்கட்டும். நான்கு விடைகள் அதற்குப் போதா. நெறியாளர்களும் தம்மைப் பற்றிய பெயரடையைத் தேடுவதை நிறுத்திவிட்டு, எதிரே அமர்ந்திருக்கும் மாணவரிடம் அதே கேள்வியைக் கேட்கட்டும்.